விளம்பர பட்ஜெட்டை 30 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சமாக ஏற்றலாமா? கணக்கு இதோ, பார்த்துச் சொல்லுங்க

காவேரிப்பட்டணம்_சாமை · 3 ஆகஸ்ட், காலை 9.10

சாமை, தினை, வரகு, ராகி மாவு மூணரை கிலோ கலந்த பெட்டி. ஜிஎஸ்டி சேர்த்து 735 ரூபாய். பெங்களூரு, சேலம், கோவை, சென்னைக்கு அனுப்புறோம். ஜூலையில ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 30,000 ரூபாய் போட்டோம். ஆட்ஸ் மேனேஜர் 200 பர்ச்சேஸ்னு காட்டுது, அப்போ ஒரு கஸ்டமருக்கு 150 ரூபாய். ஒரு கஸ்டமர் வருஷத்துக்கு 4 தடவை வாங்குறாங்க, 2,940 ரூபாய். 150 போட்டா 2,940 வருது, கிட்டத்தட்ட இருபது மடங்கு. ஆகஸ்ட்லயே ஒரு லட்சமா ஏத்திடலாம்னு இருக்கேன். யாராவது ஏத்திப் பார்த்திருக்கீங்களா?

பாகலூர்_ரோடு · 3 ஆகஸ்ட், காலை 9.42

ஒரு கஸ்டமர்கிட்ட இருந்து மொத்தமா வர்ற எல்டிவி, அவரைப் பிடிக்க ஆகுற செலவான சிஏசிக்கு மூணு மடங்கு இருந்தாலே ஏத்தலாம்னுதான் எல்லாரும் சொல்றது. உங்களுக்கு இருபது மடங்கு. யோசிக்கவே வேண்டாம், ஏத்துங்க.

பாலக்கோடு_சொட்டுநீர் · 3 ஆகஸ்ட், காலை 10.05

சொட்டுநீர் போட விசாரிச்சு நம்பர் கொடுக்கிற ஆள், அதாவது ஒரு லீட், எனக்கு 40 ரூபாய்க்கு வருது. உங்களுக்கு ஏன் 150? பூஸ்ட் பட்டன் அழுத்துறீங்களா, ஆட்ஸ் மேனேஜர்ல போறீங்களா?

ஓசூர்_கணக்கு · 3 ஆகஸ்ட், மதியம் 1.20

ஏற்றாதீர்கள். குறைந்தது இந்த வாரம் வேண்டாம். நீங்கள் கொடுத்த இரண்டு எண்ணுமே நீங்கள் நினைப்பதைச் சொல்லவில்லை.

முதலில் அந்த 200. அது பர்ச்சேஸ் எண்ணிக்கை, புதிய ஆட்களின் எண்ணிக்கை இல்லை. ஏற்கெனவே இரண்டு முறை வாங்கிய அம்மா இன்ஸ்டாகிராமில் உங்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு மூன்றாவது பெட்டி வாங்கினாலும் அதில் ஒன்று கூடும். நீங்கள் எதுவும் மாற்றவில்லை என்றால், விளம்பரத்தைக் கிளிக் செய்து 7 நாளுக்குள் வாங்கியவர்களையும், கிளிக் செய்யாமல் வெறுமனே பார்த்து ஒரு நாளுக்குள் வாங்கியவர்களையும் அது தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். கேஷ் ஆன் டெலிவரியில் போய்த் திரும்பி வந்த பெட்டியும் அதில் இருக்கிறது, ஏனென்றால் ஆர்டர் விழுந்த நொடியிலேயே எண்ணி முடித்துவிட்டது.

அடுத்தது 2,940. அது விற்பனைத் தொகை. சாமை வாங்கிய காசும் கூரியர்காரர் காசும் அதற்குள்தான் இருக்கிறது. விளம்பரச் செலவை மீதி நிற்கும் காசோடுதான் ஒப்பிட வேண்டும்.

மூன்று விவரம் போடுங்கள். ஒரு ஆர்டரின் முழுச் செலவு. ஆர்டர் பட்டியலில் ஃபோன் நம்பரை வைத்துப் பிரித்த பிறகு ஜூலையில் வந்த புதியவர்கள் எத்தனை பேர். "வருஷத்துக்கு 4 தடவை" யாரை வைத்துச் சொன்னீர்கள்?

பாலக்கோடு சார், அவர் கேட்பது ஆர்டர், உங்களுடையது லீட். உங்களுக்கு 60 லீட்டில் ஒருவர்தான் சொட்டுநீர் போடுகிறார் என்றால் ஒரு வாடிக்கையாளருக்கு 2,400 ரூபாய் ஆகிறது. அவரும் பல வருஷத்துக்கு மறுபடி வாங்க மாட்டார், உதிரி பாகம்தான் வாங்குவார். மானியப் பணம் வரும் வரை உங்கள் காசு முடங்கும் கணக்கும் தனி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது.

காவேரிப்பட்டணம்_சாமை · 3 ஆகஸ்ட், இரவு 9.55

அக்கா, ஒரு ஆர்டருக்கு:

735-ல ஜிஎஸ்டி போக கைக்கு 700. தானியம், உமி நீக்குற கூலி, கழிவு எல்லாம் சேர்த்து 340. பை, லேபிள், பெட்டி 35. கூரியர் சராசரி 110. பேமென்ட் கேட்வே 17. கட்டுற கூலி 13. மொத்தம் 515, மீதி 185. முதல் ஆர்டருக்கு 50 ரூபாய் கூப்பன் கொடுக்கிறோம், அதனால அதுல 135.

4 தடவைன்னு சொன்னது வாட்ஸ்அப் லிஸ்ட்ல இருக்கிற கஸ்டமர்களை வெச்சு. ரெண்டாவது ஆர்டர் போட்டதும் அந்த லிஸ்ட்ல சேர்ப்போம்.

ஃபோன் நம்பர் பிரிக்கிறதுதான் வரல. சிலது +91, சிலது முன்னாடி 0, சிலது நடுவுல இடைவெளி. ஒரே ஆள் மூணு ஆளா தெரியுறாங்க.

ஓசூர்_கணக்கு · 3 ஆகஸ்ட், இரவு 10.40

இரண்டாவது ஆர்டர் போட்டால்தான் லிஸ்டில் சேர்ப்பீர்கள் என்றால், ஒரே முறை வாங்கிவிட்டுப் போனவர்கள் யாருமே அந்தச் சராசரிக்குள் வரவில்லை. விளம்பரத்துக்குக் காசு கொடுத்தது அவர்களையும் சேர்த்துத்தானே?

ஷீட்டில் A நெடுவரிசையில் நம்பர், B-யில் ஆர்டர் தேதி இருக்கட்டும். C-யில் நம்பரின் கடைசி 10 இலக்கம், D-யில் அந்த நம்பரின் முதல் ஆர்டர் தேதி, E-யில் முதல் ஆர்டரிலிருந்து எத்தனையாவது நாள் என்று வரும்:

```
C2: =RIGHT(REGEXREPLACE(A2&"","\D",""),10)
D2: =MINIFS(B:B,C:C,C2)
E2: =B2-D2
```

E-யில் 0 வந்தால் அது முதல் ஆர்டர். திரும்பி வந்த பார்சல்களின் வரிகளை முதலிலேயே வேறு தாளுக்கு நகர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால், மார்ச்சில் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பியவர் ஜூலையில் நிஜமாகவே வாங்கும்போது பழைய ஆளாகக் காட்டும். கணவர் நம்பரில் ஒன்று, மனைவி நம்பரில் ஒன்று என்று வருவதை இந்த ஃபார்முலா பிடிக்காது. பின்கோடு வாரியாக அடுக்கி வீட்டு எண்ணை ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

பிறகு ஜனவரி மாதம் விளம்பரம் வழியாக முதல்முறை வாங்கியவர்களை மட்டும் எடுங்கள். ஜனவரி 31-இல் வந்தவருக்கும் ஜூலை 30-உடன் 180 நாள் முடிந்துவிட்டது, எல்லோருக்கும் ஒரே அளவு அவகாசம். E-யில் 1 முதல் 180 வரை உள்ள வரிகளை எண்ணி, ஆட்களின் எண்ணிக்கையால் வகுங்கள். மே, ஜூனில் வந்தவர்களைச் சேர்க்காதீர்கள், அவர்களுக்கு இன்னும் நேரமே ஆகவில்லை.

போச்சம்பள்ளி_மாந்தோப்பு · 4 ஆகஸ்ட், காலை 7.15

180 நாள் கணக்கு எங்களுக்கு எப்படிங்க ஒத்து வரும்? செந்தூரா, அல்போன்சா மூணு கிலோ பெட்டி, மே ஜூன் மட்டும்தான் விற்பனை. அடுத்த வருஷம்தான் அதே ஆள் வருவாங்க. அப்போ எல்டிவியே கிடையாதா?

ஓசூர்_கணக்கு · 4 ஆகஸ்ட், காலை 8.30

உண்டு. ஆனால் உங்களுக்கு அலகு நாள் இல்லை, சீசன். போன சீசனில் விளம்பரத்தில் வந்த 100 பேரில் இந்த சீசனில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற ஒரே எண்தான் தேவை. அந்த எண் கையில் இல்லாத வரை முதல் பெட்டியிலேயே விளம்பரச் செலவு திரும்பி வந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுகிப்போய்த் திருப்பித் தந்த பணத்தைப் பெட்டி ஒன்றின் மீதியிலிருந்து கழிக்கவும். மாம்பழத்தில் அதுதான் பலபேர் விட்டுவிடும் வரி.

காவேரிப்பட்டணம்_சாமை · 5 ஆகஸ்ட், இரவு 8.20

முடிச்சிட்டேன் அக்கா.

ஜூலை: ஆட்ஸ் மேனேஜர்ல 200. நம்ம ஆர்டர் ஷீட்ல, எந்த லிங்க்ல இருந்து வந்தாங்கன்னு காட்டுற utm_source-ல விளம்பரம்னு இருக்கிறது 184 மட்டும். அதுல 46 பழைய நம்பர். 18 பார்சல் திரும்பி வந்தது. காசு கொடுத்து வாங்கின புது ஆள் 120.

ஜனவரியில வந்தவங்க: 100 பேருக்கு, 180 நாள்ல கூடுதலா 70 ஆர்டர். 34 பேர் ரெண்டாவது வாங்கியிருக்காங்க, 19 பேர் மூணாவது, 11 பேர் நாலாவது, அதுக்கு மேல 6 ஆர்டர். மீதி 66 பேர் திரும்பவே வரல.

16 ஆர்டர் வித்தியாசம் எங்கேன்னு தெரியல. அதையும் புது ஆளாவே சேர்த்துக்கலாமா?

ஓசூர்_கணக்கு · 5 ஆகஸ்ட், இரவு 9.35

இப்போது கணக்குப் போடலாம்.

புது ஆளைப் பிடிக்க ஜூலையில் ஆன செலவு விளம்பரம் 30,000 மட்டும் இல்லை. வீடியோ எடுக்கக் கொடுத்தது ஏதாவது இருக்குமே? திரும்பி வந்த 18 பார்சலும் விளம்பரத்தால் போனவைதான். போக 110, திரும்பி வர எவ்வளவு?

காவேரிப்பட்டணம்_சாமை · 5 ஆகஸ்ட், இரவு 9.41

வீடியோ, ஃபோட்டோவுக்கு 6,000. திரும்பி வர 90. கிழிஞ்ச பெட்டி, திரும்பக் கட்டுற கூலி 20.

ஓசூர்_கணக்கு · 5 ஆகஸ்ட், இரவு 10.25

18 × 220, கிட்டத்தட்ட 4,000. ஆக 30,000 + 6,000 + 4,000 = 40,000. அதை 120 பேரால் வகுத்தால் ஆளுக்கு 333 ரூபாய். கூப்பன் 50 ரூபாயை முதல் ஆர்டரிலேயே கழித்துவிட்டோம், இங்கே மறுபடி சேர்க்கக் கூடாது. விளம்பரத்துக்கு மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்க்கவில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்புவதால் நீங்கள் ரெகுலர் பதிவில்தான் இருப்பீர்கள், அதைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம்.

ஒரு ஆள் 180 நாளில் விட்டுச்செல்லும் மீதி: முதல் ஆர்டரில் 135, பிறகு 0.7 × 185 = 129.50. மொத்தம் 264.50.

333 போட்டு 264 எடுக்கிறீர்கள். ஆளுக்கு 68 ரூபாய்க்குமேல் குறைகிறது, அதுவும் இன்றைய பட்ஜெட்டிலேயே.

அந்த 16 ஆர்டர்: பார்த்துவிட்டு நேராக உங்கள் பெயரைத் தேடி வந்தவர்களாக இருக்கலாம், எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய பழையவர்களாகவும் இருக்கலாம். 16 பேரும் புதியவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 40,000 ÷ 136 = 294. அப்போதும் 264-ஐ விடக் கூடுதல்தான். முடிவு மாறாத இடத்தில் அதைத் தேடி நேரம் செலவழிக்க வேண்டாம்.

பாகலூர்_ரோடு · 6 ஆகஸ்ட், காலை 9.00

எனக்கு வேற மாதிரி வருதே. 180 நாள்ல ஆளுக்கு 1.7 ஆர்டர், 700 வீதம் 1,190 ரூபாய். 1,190 ÷ 333 = 3.57. மூணைத் தாண்டிடுச்சு. நல்ல பிசினஸ்தானே?

ஓசூர்_கணக்கு · 6 ஆகஸ்ட், காலை 9.50

நீங்கள் போட்டது சரியான வகுத்தல்தான், அதனால்தான் இது ஆபத்து. விகிதம் மூன்றுக்கு மேல் காட்டுகிறது, கல்லாவில் காசு குறைகிறது. மூன்று மடங்கு என்ற அளவு மாதச் சந்தா வாங்கும் மென்பொருள் கம்பெனிகளிடமிருந்து பரவியது. அவர்களுக்கு 100 ரூபாய் விற்றால் 70, 80 ரூபாய் மீதி நிற்கும். அவர்களே கூட எல்டிவியை மீதியில்தான் போடுவார்கள். இங்கே 700-க்கு 185, அதாவது 26 சதவீதம். மீதியில் போட்டால் இவருடைய விகிதம் 0.79.

மூன்று என்ற எண்ணை முழுசாகத் தள்ளவும் நான் சொல்லவில்லை. மீதியில் போட்ட பிறகும் ஒன்றுக்கு மேல் நல்ல இடைவெளி வேண்டும். கடை வாடகை, சம்பளம் எதுவும் அந்த 185-க்குள் கழிக்கப்படவில்லை.

காவேரிப்பட்டணம்_சாமை · 6 ஆகஸ்ட், மதியம் 2.15

180 நாளோட நிறுத்துறது நியாயமா அக்கா? போன வருஷம் ஜூலைல வந்தவங்களைப் பார்த்தேன். முழு வருஷத்துல 100 பேருக்கு கூடுதலா 115 ஆர்டர். அப்போ 135 + 212 = 347, கிட்டத்தட்ட 348. செலவு 333. லாபம்தானே?

ஓசூர்_கணக்கு · 6 ஆகஸ்ட், மாலை 6.40

ஒரு வருஷம் காத்திருந்தால் ஆளுக்கு 15 ரூபாய். இதில் இரண்டு கேள்வி. போன ஜூலையில் உங்கள் பட்ஜெட் எவ்வளவு? அந்தப் பட்டியலில் மாங்கனிக் கண்காட்சி ஸ்டாலில் வாங்கியவர்களும் இருக்கிறார்களா?

காவேரிப்பட்டணம்_சாமை · 6 ஆகஸ்ட், மாலை 7.05

அப்போ 8,000 ரூபாய்தான். ஆமா, கிருஷ்ணகிரி கண்காட்சி ஸ்டால்ல நம்பர் கொடுத்தவங்களும் அதுல இருக்காங்க.

ஓசூர்_கணக்கு · 6 ஆகஸ்ட், இரவு 9.15

அப்படியென்றால் 115 அதிகப்படியான எண். ஸ்டாலில் கூழைக் குடித்துப் பார்த்து, மாவைக் கையில் தேய்த்துப் பார்த்து வாங்கியவர் திரும்ப வாங்கும் வேகம் வேறு. ரீல்ஸ் பார்த்துக் கூப்பனுக்காக வாங்கியவர் வேகம் வேறு. அவர்களைத் தனியாக எடுத்துவிட்டு எண்ணுங்கள்.

8,000 ரூபாய் பட்ஜெட்டில் வந்தவர்களும் ஒரு லட்சத்தில் வருபவர்களும் ஒன்றில்லை. சிறிய பட்ஜெட்டில் மெட்டா முதலில் எளிதில் வாங்கக்கூடிய ஆட்களைத்தான் தேடித் தரும். சர்க்கரை வியாதிக்காகச் சிறுதானியம் தேடுபவர், ஏற்கெனவே ராகி சமைப்பவர் எல்லாம் முதலில் தீர்ந்துவிடுவார்கள். காசு ஏற ஏற, அரிசியைத் தவிர எதையும் வாங்காத வீட்டுக்கும் வீடியோ போகும்.

அதனால் சராசரியைப் பார்த்து ஏற்றக் கூடாது, கடைசியாகச் சேர்த்த காசு எத்தனை பேரைக் கொண்டுவந்தது என்று பார்க்க வேண்டும். ஜூலைக்கு முன்னால் பட்ஜெட் எப்போது மாறியது?

காவேரிப்பட்டணம்_சாமை · 7 ஆகஸ்ட், காலை 8.00

ஏப்ரல்ல 20,000. இதே மாதிரி பிரிச்சு எண்ணினா புது ஆள் 96.

ஓசூர்_கணக்கு · 7 ஆகஸ்ட், காலை 8.45

இதுதான் இந்த இழையிலேயே முக்கியமான எண். ஏப்ரலில் விளம்பரக் காசு மட்டும் ஆளுக்கு 208. ஜூலையில் 250. பார்க்க 42 ரூபாய்தான் ஏறியது போல இருக்கும். ஆனால் கூடுதலாகப் போட்ட 10,000 ரூபாய்க்கு வந்தது 24 பேர். அந்த 24 பேருக்கும் ஆளுக்கு 417. வீடியோவையும் திரும்பிய பார்சலையும் சேர்ப்பதற்கு முன்பே இந்த விலை.

அதிலும் ஜூலை உங்களுக்குச் சாதகமான மாதம். ஆடிக் கூழுக்கு ராகி மாவு தானாகவே தேடப்படும் நேரம். அப்படியும் இந்த விலை. இன்னும் 70,000 ரூபாய் சேர்த்தால் அடுத்து வரும் ஆளின் விலை 417-க்குக் கீழே இறங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

அரூர்_பார்சல் · 7 ஆகஸ்ட், மதியம் 12.30

விளம்பரம் எனக்குத் தெரியாது, கூரியர் தெரியும். மூணரை கிலோவுக்கு 110 அதிகம். பெட்டி அளவு என்னங்க?

காவேரிப்பட்டணம்_சாமை · 7 ஆகஸ்ட், மதியம் 12.52

30 × 25 × 30 சென்டிமீட்டர். எடை போட்டா 3.7 கிலோ.

அரூர்_பார்சல் · 7 ஆகஸ்ட், மதியம் 1.10

நெனச்சேன். பல கூரியர்ல நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல வகுப்பாங்க. 22,500-ஐ வகுத்தா 4.5. நிஜ எடை 3.7, வகுத்தது 4.5, எது அதிகமோ அதுக்குத்தான் பில். அடுத்த முழு கிலோவுக்கு ஏத்தினா 5 கிலோ. பெட்டியைத் திறந்தா மேல ஒரு சாண் காலி இருக்கும், அதுல பேப்பரைத் திணிச்சிருப்பீங்க. உயரத்தை 25 ஆக்குங்க. 3.75 வரும், 4 கிலோ பில். உங்க ரேட்ல 20 ரூபாய் மிச்சமாகும்.

கேஷ் ஆன் டெலிவரியை நிறுத்த வேண்டாம், ஆர்டர் போகும். அனுப்புறதுக்கு முந்தின நாள் வாட்ஸ்அப்ல "நாளைக்கு அனுப்பலாமா"ன்னு கேட்டுப் பதில் வந்தா மட்டும் அனுப்புங்க. அப்படியும் பதில் போட்டுட்டு வாங்காத ஆளும் இருக்காங்க, அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது.

ஓசூர்_கணக்கு · 7 ஆகஸ்ட், மாலை 5.30

அரூர் அண்ணன் சொன்ன 20 ரூபாய் பெரிய விஷயம், ஏனென்றால் அது ஒவ்வொரு ஆர்டரிலும் நிற்கும். மீதி 205 ஆகிறது, முதல் ஆர்டரில் 155. 180 நாளுக்கு 155 + 0.7 × 205 = 298.50. இன்னும் 333-ஐத் தொடவில்லை, ஆனால் பள்ளம் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது.

அடுத்தது அந்த 46 பழைய நம்பர். வாங்கியவர்களின் நம்பர்ப் பட்டியலை கஸ்டம் ஆடியன்ஸாக ஏற்றி, புது ஆள் தேடும் விளம்பரத்திலிருந்து விலக்குங்கள். அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னாலே போதும்.

பாகலூர்_ரோடு · 7 ஆகஸ்ட், இரவு 8.10

இங்க நான் ஒத்துக்க மாட்டேன். அந்த 46 பேர் விளம்பரத்தைப் பார்த்துத்தானே திரும்ப வாங்கினாங்க? அவங்களை விலக்கினா அந்த 70 ஆர்டர்ங்கிற எண்ணே குறையும். மொத்தச் செலவையும் புது ஆள் தலையில கட்டிட்டு, திரும்ப வாங்கின ஆர்டரோட லாபத்தையும் எல்டிவியில எடுத்துக்கிறது ஒரு பக்கம் சாய்ஞ்ச கணக்கு இல்லையா?

ஓசூர்_கணக்கு · 7 ஆகஸ்ட், இரவு 9.45

நியாயமான கேள்வி. 30,000-இல் ஒரு பங்கு பழையவர்களுக்குக் காட்டப் போயிருக்கிறது, அது எவ்வளவு என்று இப்போதைய அமைப்பில் பிரிக்க வழியில்லை. அந்தப் பங்கைக் கழித்தால் 333 கொஞ்சம் குறையும், அதே தொகை எல்டிவியிலும் குறையும். விலக்கிவிட்டு இரண்டு மாதம் பார்த்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். திரும்ப வாங்குவது நிஜமாகவே சரிந்தால் நீங்கள் சொன்னது சரி. அப்போது பழையவர்களுக்கென்று தனி பட்ஜெட் வைத்து அதைத் தனியாக எண்ண வேண்டும்.

காவேரிப்பட்டணம்_சாமை · 8 ஆகஸ்ட், காலை 7.40

சரி, ஒரு லட்சம் வேண்டாம். 36,000-க்கு மட்டும் ஏத்திப் பார்க்கட்டுமா? கோவைக்கு ஏத்தி, சேலத்தை அப்படியே விட்டு ரெண்டையும் ஒப்பிடலாம்னு யோசிச்சேன்.

ஓசூர்_கணக்கு · 8 ஆகஸ்ட், காலை 9.20

யோசனை சரி, உங்கள் அளவுக்கு ஒத்துவராது. ஊர் வாரியாக ஆட் செட்டை உடைத்தால் ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு ஏறக்குறைய 50 பர்ச்சேஸ் வந்தால்தான், யாருக்குக் காட்டுவது என்று மெட்டா கற்றுக்கொள்ளும் லேர்னிங் கட்டம் முடியும். உங்களுக்கு எல்லா ஊரும் சேர்த்தே வாரத்துக்கு 45 பக்கம்தான். உடைத்தால் இரண்டும் தடுமாறும், விலை ஏறியது பட்ஜெட்டாலா உடைத்ததாலா என்று தெரியாது. கார்ட்டில் போட்டவர்களைத் தேடச் சொல்லி அமைத்தால் எண்ணிக்கை கூடும், ஆனால் பொறுக்கிப் போட்டுவிட்டுப் போகும் ஆட்கள்தான் வருவார்கள்.

அதற்குப் பதிலாக நிறுத்திப் பாருங்கள். ஒரே ஆட் செட், அதில் சேலம் மாவட்டத்தை மட்டும் மூன்று வாரம் விலக்குங்கள். சேலம் பின்கோடுகளிலிருந்து வரும் புது ஆர்டர் எவ்வளவு விழுகிறது? பாதிதான் விழுந்தால் மீதிப் பாதி விளம்பரம் இல்லாமலே வரும் ஆட்கள். அந்த 16 ஆர்டர் கேள்விக்கும் பதில் அதிலேயே கிடைக்கலாம். ஆடி முடிந்த பிறகு தொடங்குங்கள், நடுவில் தொடங்கினால் ஆடி போனதால் விழுந்ததையும் விளம்பரத்தின் மேல் எழுதிவிடுவோம். ஒப்பிட கோவைப் பின்கோடுகளை அதே மூன்று வாரத்துக்கு எண்ணி வையுங்கள். சேலத்தில் வாரத்துக்கு ஐந்தாறு ஆர்டர்தான் என்றால் முடிவு ஆடும், அப்போது ஆறு வாரம் விட வேண்டியிருக்கும்.

போச்சம்பள்ளி_மாந்தோப்பு · 8 ஆகஸ்ட், காலை 11.00

ஏத்தினா கையில எவ்வளவு காசு வேணும்னு யாரும் சொல்லலையே. எங்களுக்கு அதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

ஓசூர்_கணக்கு · 8 ஆகஸ்ட், மதியம் 3.10

முதல் ஆர்டர் 135 திருப்பித் தருகிறது, 333-இல் 198 ரூபாய் வெளியே நிற்கிறது. விலை ஏறாமல் அதே 333-இல் நின்றால்கூட, எல்லாச் செலவும் சேர்த்து மாதம் ஒரு லட்சம் என்றால் 300 பேர். ஒரு மாதம் சேர்த்தவர்களுக்கு மட்டும் 59,400 ரூபாய் வெளியே நிற்கும். அடுத்த மாதம் இன்னொரு 59,400. முந்தையது சிறுகச் சிறுகத்தான் திரும்பும், 180 நாளிலும் முழுதாகத் திரும்பாது. ஆகஸ்டில் தொடங்கினால் தை மாதம் ராகி களத்துக்கு வரும்போது விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய ரொக்கம் விளம்பரத்தில் கிடக்கும்.

காவேரிப்பட்டணம்_சாமை · 8 ஆகஸ்ட், இரவு 9.30

பெட்டி அளவை மாத்தச் சொல்லிட்டேன், புது அட்டைப்பெட்டி குறைஞ்சது 500 எடுக்கணுமாம். பழசு இன்னும் 140 இருக்கு. நம்பர் லிஸ்ட் ஏத்தியாச்சு. ஆனா 1,900 நம்பர் ஏத்தினா எல்லாமே ஒத்துப் போகல, ஒரு பகுதிதான் பொருந்துது. இது சரியா?

ஓசூர்_கணக்கு · 8 ஆகஸ்ட், இரவு 9.58

சரிதான், முழுதாகப் பொருந்தாது. வாட்ஸ்அப்புக்கு ஒரு நம்பர், ஃபேஸ்புக் கணக்கில் வேறு நம்பர் வைத்திருப்பார்கள். ஏற்றும்போது நம்பருக்கு முன் 91 இருந்ததா பாருங்கள், C நெடுவரிசையை அப்படியே ஏற்றியிருந்தால் அது இருக்காது. மின்னஞ்சல் இருந்தால் அதையும் சேர்த்து மறுபடி ஏற்றுங்கள். வலைத்தளத்தில் பிக்சல் இருந்தால் அதன் வழியாக, கடந்த 180 நாளில் வாங்கியவர்களையும் விலக்கலாம்.

பாலக்கோடு_சொட்டுநீர் · 9 ஆகஸ்ட், காலை 6.50

மேடம், என் லீட் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 60-க்கு ஒண்ணு இல்லீங்க, 85-க்கு ஒண்ணு. ஒரு ஆளுக்கு 3,400 ஆகுது. இதுல ஃபோன் பேசுற பையன் சம்பளத்தைச் சேர்க்கணுமா?

ஓசூர்_கணக்கு · 9 ஆகஸ்ட், காலை 8.15

லீட்டைக் கூப்பிடுவது மட்டுமே அவர் வேலை என்றால் முழுச் சம்பளமும் சேரும். பழைய விவசாயிகளின் பழுது ஃபோனும் அவர்தான் எடுக்கிறார் என்றால், ஒரு வாரம் அவர் பேசிய அழைப்புகளைப் பிரித்து எண்ணி அந்த விகிதத்தில் மட்டும்.